‘போன வாரமே போட்டாச்சே’ என்பவருக்கு எழுதும் கடிதம்

கடனுக்குச் சரக்கு வாங்கியவர் பணம் தராமலிருந்தால் அவருக்கு எழுத வேண்டிய கடிதம் ஒரு வகை. பணம் அனுப்பிவிட்டதாக அவர் சொல்லி, விற்றவரின் வங்கிக் கணக்கில் அது வராமலிருந்தால் எழுத வேண்டியது முற்றிலும் வேறு வகை. முதல் வகையில் பணத்தைக் கேட்கலாம். இரண்டாவதில் பணத்தைக் கேட்டால் வாடிக்கையாளரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். கேட்காமல் விட்டால் பில் அப்படியே நிற்கும். பெரும்பாலான கடைகளிலும் மொத்த வியாபார அலுவலகங்களிலும் முதல் வகைக் கடிதத்தையே எடுத்து, நடுவே இரண்டு பணிவான சொற்களைச் சேர்த்து இரண்டாவதற்கும் அனுப்பிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சென்னிமலையிலிருந்து போர்வையும் துண்டும் அனுப்பும் ஒரு மொத்த வியாபாரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மதுரையில் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு செப்டம்பர் 4-ஆம் தேதி பில் எண் 418-இல் ரூ.48,600-க்குச் சரக்கு போயிருக்கிறது. தவணை முப்பது நாள். அக்டோபர் 9-ஆம் தேதி தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர், “போன வாரமே போட்டாச்சே, நல்லா செக் பண்ணிப் பாருங்க” என்கிறார். அலுவலகத்தில் எழுதப்படும் முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் பில் எண் 418-க்கான தொகை ரூ.48,600-ஐத் தாங்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டதாகக் கூறியுள்ளீர்கள். ஆனால் எங்கள் கணக்கைச் சரிபார்த்ததில் அப்படி எந்தத் தொகையும் தங்களால் செலுத்தப்படவில்லை என்று தெரியவருகிறது. எனவே தயவுசெய்து இதில் உடனடியாகக் கவனம் செலுத்தி, நிலுவைத் தொகையை விரைவில் அனுப்பி ஒத்துழைப்பு நல்குமாறு மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

மரியாதைச் சொற்களுக்கு இதில் குறைவில்லை. ஆனாலும் படிப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். “தங்களால் செலுத்தப்படவில்லை” என்பது விற்றவருக்குத் தெரியாத செய்தி. அவருக்குத் தெரிந்தது தம் கணக்குக்கு வரவில்லை என்பது மட்டும்தான். மதுரையிலிருந்து கிளம்பியதா, வழியில் எங்கேனும் நின்றதா, வேறு கணக்குக்குப் போனதா என்பது சென்னிமலையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது என்பது. கடைக்காரர் உண்மையிலேயே அனுப்பியிருந்தால் “அனுப்பிவிட்டேன்” என்று மறுபடியும் சொல்வதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? எந்தத் தேதி, எந்தக் கணக்கு, எந்த எண் என்று கடிதம் எதையும் கேட்கவில்லை. ‘பணிவன்புடன்’ என்ற சொல்லோடு இன்னும் நான்கு பணிவுச் சொற்களைச் சேர்த்தாலும் இந்தக் குறை தீராது.

திருத்தி எழுதும் வேலை பேனாவை எடுப்பதற்கு முன், விற்றவரின் சொந்தக் கணக்கிலேயே தொடங்குகிறது. வரவைத் தேடுபவர்கள் வழக்கமாகப் பில் தொகையை அப்படியே அடித்துத் தேடுவார்கள். 48,600 என்று தேடினால் எதுவும் கிடைக்காது. ஆனால் கடைக்காரர் கறைபட்ட துண்டுகளுக்காக ரூ.1,500 கழித்துக்கொண்டு 47,100 அனுப்பியிருக்கலாம். அல்லது ரூ.21,350-க்கான இன்னொரு பில்லையும் சேர்த்து 69,950 போட்டிருக்கலாம். பெயரை வைத்துத் தேடினாலும் இதே தொல்லைதான். கடையின் பெயர் ஒன்றாக இருக்கும், பணம் வந்தது உரிமையாளரின் மனைவி பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கிலிருந்து இருக்கும். ஸ்டேட்மெண்டில் அந்த அம்மாவின் பெயர்தான் விழும். கடையின் பெயர் எங்குமே இருக்காது. இப்படி ஆள் தெரியாமல் வந்த வரவுகளைக் கணக்காளர்கள் ‘சஸ்பென்ஸ்’ தலைப்பில் போட்டு வைப்பது வழக்கம். முதலில் புரட்ட வேண்டிய இடம் அதுதான். பழைய பில்களில் அச்சாகியிருந்த, இப்போது யாரும் எட்டிப் பார்க்காத பழைய நடப்புக் கணக்கு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும், சொன்ன தேதிக்குச் சில நாள் முன்பிருந்து இன்றுவரை பார்த்த பிறகுதான் “வரவில்லை” என்று எழுதும் உரிமை வருகிறது. இந்தத் தேடலைச் செய்யாமல் கடிதம் அனுப்பி, பிறகு பணம் தம்மிடமே கிடந்ததாகத் தெரியவந்தால் அந்த வாடிக்கையாளரிடம் அடுத்த முறை கடுமையாக ஒரு வார்த்தை எழுத முடியாது.

அடுத்து, பணம் எந்த வழியில் வந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்வது நல்லது. கேட்க வேண்டிய கேள்வி அதைப் பொறுத்தது. கடைவீதியில் வங்கி மூலம் அனுப்பும் எல்லாவற்றுக்கும் ‘ஆர்டிஜிஎஸ் போட்டாச்சு’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் ஆர்டிஜிஎஸ் குறைந்தது 2 லட்சம் ரூபாய்க்குத்தான். ஆகவே 48,600 ரூபாயை ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பியதாக ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் நெஃப்ட் என்றே கொள்ளலாம். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எல்லா நாளும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் கைமாறுகிறது. தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவரின் கணக்கில் பணம் ஏற வேண்டும், ஏற்ற முடியாவிட்டால் அனுப்பியவரின் வங்கிக்கே திரும்ப வேண்டும் என்பது விதி. இந்த ஒரு செய்தியே நிலைமையைப் பெரிதும் தெளிவாக்கிவிடும். போன வாரம் கிளம்பிய நெஃப்ட் பணம் இன்னும் ‘வழியில்’ இருப்பது அரிது. ஒன்று, அது அனுப்பியவரின் கணக்குக்கே திரும்பியிருக்கும், அவர் கவனித்திருக்க மாட்டார். இல்லையென்றால் வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கும். அதுவும் இல்லையென்றால் கிளம்பவே இல்லை.

வேறொருவர் கணக்கில் எப்படி ஏறும் என்று தோன்றலாம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணம் வரவு வைக்கப்படுகிறது. பெயர் பொருந்துகிறதா என்று பார்த்து யாரும் நிறுத்துவதில்லை. ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் உண்மையாகவே ஒரு கணக்கு இருந்துவிட்டால் பணம் அங்கே போய்விடும். இதனால்தான் எண்ணை அடித்ததும் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. இதைவிட மோசமான வகையும் உண்டு. விற்பவரின் மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் பெயரையோ போலியாகப் பயன்படுத்தி, ‘எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று மூன்றாம் ஆள் ஒருவன் செய்தி அனுப்பியிருப்பான். வாடிக்கையாளர் நல்லெண்ணத்தோடு அந்தக் கணக்கில் கட்டியிருப்பார். அப்போது அவர் சொல்வதும் உண்மை, இவர் சொல்வதும் உண்மை. எனவே கடிதத்தில் ‘எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள்’ என்ற கேள்வி இருந்தே ஆக வேண்டும். இருக்கக் கூடாத ஒன்றும் உண்டு: புதிய கணக்கு எண். இப்படிக் குழம்பிய நேரத்தில் புது எண்ணைக் கொடுத்து எழுதும் கடிதம் மோசடிக்காரனின் கடிதத்தைப் போலவே இருக்கும்.

யுபிஐ என்றால் கதை சற்று வேறு. ஒருவர் கணக்கிலிருந்து பணம் கழிந்து மற்றவருக்கு ஏறாவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கான க்யூஆர் வழியாகச் செலுத்தியிருந்தால் ஐந்து நாள் வரை அவகாசம் உண்டு. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது.

கேட்க வேண்டிய ஒன்று, இந்த எல்லா வழிகளிலும் பணத்தோடு ஒட்டிக்கொண்டே போகும் எண். நெஃப்ட்டில் அது 16 எழுத்தும் எண்ணும் கலந்த யுடிஆர். ஆர்டிஜிஎஸ்ஸில் அதே யுடிஆர் 22 இடம் நீளும். யுபிஐயிலும் ஐஎம்பிஎஸ்ஸிலும் 12 இலக்கக் குறிப்பு எண். ஆர்டிஜிஎஸ் எண்ணுக்குள் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் வெளிப்படையாகவே இருக்கும். 3-ஆம் தேதி அனுப்பியதாகச் சொல்லும் ஒருவரின் எண் நடுவே 20251009 என்று இருந்தால், கேட்ட பிறகுதான் பணம் கிளம்பியது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அப்போது அதைச் சுட்டிக்காட்டாமல் நன்றி சொல்லி முடித்துக்கொள்பவரே நல்ல வியாபாரி.

இந்த எண்ணைக் கேட்பதில்தான் கடிதத்தின் மரியாதை அடங்கியிருக்கிறது. பணம் அனுப்பியவருக்கு இதைக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை. கொடுத்ததும் பாரம் விற்றவரின் பக்கம் வந்துவிடுகிறது. அனுப்பாதவருக்கோ எண் கிடைக்காது, ஆனால் அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த நோக்கில் மாற்றி எழுதிய கடிதம் இது:

“வணக்கம் ஐயா. செப்டம்பர் 4-ஆம் தேதியிட்ட பில் எண் 418, ரூ.48,600 பற்றி எழுதுகிறோம். போன வாரமே பணம் அனுப்பிவிட்டதாக நேற்றுச் சொன்னீர்கள். உடனே எங்கள் இரண்டு வங்கிக் கணக்குகளையும் செப்டம்பர் 25 முதல் இன்று, அக்டோபர் 10, காலை 10 மணி வரை பார்த்தோம். இந்தத் தொகையோ, உங்கள் கடைப் பெயரில் வேறு தொகையோ இதுவரை வரவில்லை.

பணம் எங்கே நிற்கிறது என்று தேடுவதற்கு, அனுப்பிய தேதி, யுடிஆர் எண், அனுப்பிய கணக்கின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். உங்கள் ஸ்டேட்மெண்டில் அந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்து அனுப்பினாலும் போதும். வேறு பெயரிலுள்ள கணக்கிலிருந்தோ, வேறு பில்லோடு சேர்த்தோ அனுப்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில சமயம் நெட் பேங்கிங்கில் பதிவு செய்தது ஒப்புதலுக்காக நின்றுவிடுவதும், வங்கி திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. அப்படி இருக்கிறதா என்று உங்கள் கணக்காளரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்குள் எண் கிடைத்தால் அன்றே எங்கள் வங்கியில் விசாரித்து உங்களுக்குத் தகவல் சொல்கிறோம். எங்கள் கணக்கு எண்ணில் மாற்றம் எதுவும் இல்லை. பில்லில் உள்ளதுதான்.”

முதல் வரைவைவிட இது நீளம். ஆனால் ‘பணிவன்புடன்’ போய்விட்டது, ‘தயவுசெய்து’ கூட இல்லை. ‘கூறியுள்ளீர்கள்’ என்றிருந்தது ‘சொன்னீர்கள்’ ஆகியிருக்கிறது. அதை அடுத்து ‘ஆனால்’ வரவில்லை. முதல் வரைவில் வாடிக்கையாளர் சொன்னதை எடுத்துச் சொல்லி, உடனே ஓர் ‘ஆனால்’ போட்டதால்தான் அது மறுப்பாக ஒலித்தது. இங்கே அவர் சொன்னதைக் கேட்டு விற்றவர் என்ன செய்தார் என்பது அடுத்த வாக்கியமாக வருகிறது. எந்தத் தேதியிலிருந்து எந்த நேரம் வரை பார்த்தார்கள் என்று சொல்வதில் ஒரு பயன் உண்டு. பத்து மணிக்குப் பிறகு பணம் வந்திருந்தால் கடிதம் தவறானதாகாது. படிப்பவருக்கும், ஒழுங்காகத் தேடியிருக்கிறார்கள் என்று தெரியும். ‘செலுத்தப்படவில்லை’ இருந்த இடத்தில் ‘வரவில்லை’ வந்திருக்கிறது. அதோடு ‘இதுவரை’ என்ற ஒரு சொல் நிற்கிறது.

‘அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’ என்று அலுவலகங்கள் எழுதும் வழக்கத்தையும் இந்தக் கடிதம் விட்டுவிட்டது. அறிவிப்புப் பலகைக்கு அது பொருந்தும். பத்து வருடம் சரக்கு எடுப்பவருக்கு எழுதும்போது அது உத்தரவாகவே கேட்கும். ‘சொல்லுங்கள்’, ‘அனுப்பினாலும் போதும்’ என்பவற்றில் வேலை குறைவு என்ற தொனி இருக்கிறது.

ஸ்டேட்மெண்ட் வரியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கைப்பேசித் திரையின் படத்தை மட்டும் நம்பி வரவு வைப்பது ஆபத்து. நெட் பேங்கிங்கில் பதிவு செய்ததுமே ‘வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். பணம் போய்விட்டதாகப் பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே திருத்திய படங்களும் புழங்குகின்றன. கணக்கிலிருந்து தொகை கழிந்ததைக் காட்டும் வரிதான் நம்பகமானது. ஆனால் கடிதத்தில் அதை ‘ஆதாரம்’ என்று கேட்காமல் தேடுவதற்கான உதவியாகக் கேட்டிருப்பது கவனிக்கத்தக்கது. ஆதாரம் கேட்டால் வழக்கு நடக்கும் இடம் போலாகிவிடும்.

இந்தக் கடிதத்தின் மிக முக்கியமான வாக்கியம் ஒப்புதல் பற்றியது. நடுத்தரக் கடைகளின் நிறுவனக் கணக்குகளில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் கிளம்பும். கணக்காளர் பதிவு செய்துவிட்டு முதலாளியிடம் “போட்டாச்சு” என்பார். ஒப்புதல் தர வேண்டிய மகன் கொள்முதலுக்கு வெளியூர் போயிருப்பார். முதலாளி தாம் கேட்டதைத்தான் சொல்கிறார், அதில் பொய்யில்லை. எடுத்துக்காட்டில் வரும் மதுரைக் கடையில் நடந்தது இதுதான் என்று வைத்துக்கொண்டால், முதல் வரைவைப் படித்த கடைக்காரர் கோபத்தில் அதே வாதத்தை மீண்டும் சொல்லியிருப்பார். திருத்திய கடிதத்தைப் படித்தவர் கணக்காளரைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொல்கிறார். அங்கே 418-க்கான தொகை ஒப்புதலுக்காக நிற்கிறது. அன்று மாலையே பணம் கிளம்புகிறது. பதிலில் அவர், “அப்ரூவல் விட்டுப்போச்சு, இப்போ போட்டுட்டோம், நம்பர் இதோ” என்று எழுத முடிகிறது. உண்மையில் பணமே போடாதிருந்தவருக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. அவரும் இதே வாக்கியத்தை எழுதிவிட்டுப் பணம் அனுப்பலாம். அது தெரிந்தே வைத்த வாசல்தான். விற்றவருக்கு வேண்டியது பணம். ஒப்புதல் வாக்குமூலத்தால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சில இடங்களில் கேள்வி மாறும். காசோலை கொடுத்ததாகச் சொன்னால் காசோலை எண்ணையும், அது அவர் கணக்கில் கழிந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். கழியவில்லையென்றால் அது எங்கோ தொலைந்திருக்கிறது, அவர் அதை வங்கியில் நிறுத்திவைத்துவிட்டு வேறு தரலாம். வசூலுக்கு வந்த பையனிடம் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொன்னால் ரசீது எண்ணும் தேதியும் மட்டும் கேட்டால் போதும். விசாரணை முடிவதற்குள் அந்தப் பையனின் பெயரைக் கடிதத்தில் எழுதுவது இரண்டு பக்கமும் கெடுதல். வேறு கணக்குக்குப் போனது போலி ஆளால்தான் என்று தெரிந்தால் கடிதப் போக்குவரத்துக்கு நேரமில்லை. பணம் கட்டியவர் தம் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும் என்று தொலைபேசியில் தெரிவிப்பதே சரி.

யுடிஆர் எண் வந்தும் பணம் தென்படாத நிலையும் உண்டு. அப்போது எண்ணை விற்றவரின் வங்கியில் கொடுத்தால், அந்த எண்ணில் தங்களுக்கு ஏதேனும் வந்ததா, வந்து திரும்பியதா என்று பார்த்துச் சொல்வார்கள். அவர்களிடம் எதுவும் இல்லையென்றால் மேற்கொண்டு புகார் தர வேண்டியவர் அனுப்பியவர். அவருடைய வங்கிதான் எண்ணைப் பின்தொடர முடியும். நெஃப்ட் பணத்தை ஏற்றுவதிலோ திருப்புவதிலோ வங்கி தாமதித்தால் ரெப்போ விகிதத்தோடு இரண்டு சதவீதம் சேர்த்து வட்டி தரக் கடமைப்பட்டது. இதை வாடிக்கையாளருக்குச் சொல்லி எழுதும் அடுத்த கடிதத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்று வங்கியிடம் கேட்பதாக அமையும்.

செவ்வாய்க்கிழமை போயும் எண் வராவிட்டால் இரண்டாவது கடிதம். அதில் முதல் கடிதத்தின் விளக்கங்கள் எதுவும் தேவையில்லை. “10-ஆம் தேதி கேட்ட யுடிஆர் எண் இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் கணக்கை இன்று காலையும் பார்த்தோம், பணம் வரவில்லை. எண் வரும்வரை பில் 418 எங்கள் ஏட்டில் நிலுவையாகவே இருக்கும். 18-ஆம் தேதிக்குள் எண்ணையோ தொகையையோ அனுப்பிவிட்டால், தீபாவளி சரக்குக்கான உங்கள் ஆர்டரை அன்றே கட்டி அனுப்பலாம்” என்ற அளவு போதும். ‘எண்ணையோ தொகையையோ’ என்ற இடத்தில்தான் முதன்முறையாகப் பணம் கேட்கப்படுகிறது, அதுவும் இரண்டில் ஒன்றாக. அதற்கும் பதிலில்லையென்றால் பணம் போட்டாரா இல்லையா என்ற பேச்சை விட்டுவிட்டு, இன்றைய தேதியில் நிற்கும் மொத்த நிலுவையைக் காட்டும் கணக்குத் தாளை அனுப்பி, சரியாக இருந்தால் கையெழுத்திட்டுத் திருப்பும்படியும், இல்லையென்றால் எந்த வரி தவறு என்று குறித்துத் தரும்படியும் கேட்பது வழக்கம். சரக்குக் கடனுக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அந்தக் காலத்துக்குள் கடனை ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்து காலவரம்பைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.